வலை இழுத்தது எவ்வளவு நேரம் என்று திரையிலேயே எழுதுங்கள்: ராமநாதபுரம் கடற்கரையில் மீன்பிடி வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேனல் தோழர்களுக்கு,

வணக்கம். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை இந்தக் கரையில் வலையும் வள்ளமும் எடுத்துப் போடுகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம். நாங்கள் இதே கரையில் கேமராவும் எடிட்டிங்கும் செய்கிறவர்கள். வேகம் கூட்டிய காட்சி, மறுபடி செய்யச் சொல்லி எடுத்த காட்சி, நடித்துக் காட்டிய காட்சி ஆகியவற்றை அப்படி என்று சொல்லிக் காட்டுங்கள் என்பதுதான் கோரிக்கை. அப்படிக் காட்சிகள் எடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு மணி நேர வேலையைப் பத்து நிமிட வீடியோவில் அடக்க வேறு வழியில்லை. எதை எப்படி மாற்றினோம் என்பது பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் தொடாமல், கரைவலை வீடியோ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்தக் கரையில் அதிகம் எடுக்கப்படுவதும் அதுதான், பார்க்கிறவர் அதிகம் ஏமாறுவதும் அதில்தான்.

கரைவலை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஆள்களிடம் கொடுத்துவிட்டு வள்ளம் வளைந்து போகும். நடுவில் மீன் சேரும் பையான மடியை இறக்கி, மறு கயிற்றோடு தள்ளி ஓரிடத்தில் கரையேறும். அதன்பிறகு இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். நெடுநேரம் கயிறு மட்டும்தான் வரும். இரண்டு கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கும். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வலையும் மடியும் கண்ணுக்குத் தெரியும். வீடியோவில் அந்தப் பத்து நிமிடம் முழுசாக இருக்கும். கயிறு இழுத்த நேரம் அரை நிமிடமாகச் சுருங்கிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். காலை 6.50-க்கு இரண்டு கயிறும் கரைக்கு வந்து இழுப்புத் தொடங்குகிறது. 9.05-க்கு மடி கரையேறுகிறது. ஆக 135 நிமிடம், இரண்டேகால் மணி நேரம். இதில் அங்கங்கே எடுத்த துண்டுகளைச் சேர்த்தால் 6 நிமிடம் வருகிறது. அதை 8 மடங்கு வேகமாக்கி 45 நொடியில் காட்டுகிறீர்கள். நேர்மையாக இருக்க வேண்டும் என்று மூலையில் ‘8x’ என்றும் போடுகிறீர்கள். அது உண்மைதான், ஆனாலும் பார்க்கிறவர் ஏமாறுகிறார். அவர் 45 நொடியை எட்டால் பெருக்கி, வலை ஆறு நிமிடத்தில் கரைக்கு வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வார். மீதி 129 நிமிடம் வேகத்தில் போகவில்லை, வெட்டில் போயிற்று. அந்த வெட்டுக்குத் திரையில் எந்த அடையாளமும் இல்லை.

வேகக் குறிப்பு மட்டும் போதாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். வெட்டி ஒட்டிய காட்சியில் நிஜ நேரத்தையும் எழுத வேண்டும். ‘வேகம் 8 மடங்கு’ என்று ஒரு வரி, ‘நடுவில் வெட்டியது’ என்று ஒரு வரி, ‘நிஜ நேரம் 2¼ மணி’ என்று ஒரு வரி. இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் நிஜ நேரத்தை வையுங்கள். பார்க்கிறவருக்கு வேண்டியது அதுதான். மடங்குக் கணக்கு நமக்கு வேண்டியது.

டைம்லாப்ஸ் என்றால் கணக்கு வேறு. இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுத்து, நொடிக்கு 30 படமாக ஓட்டினால் வேகம் 60 மடங்கு. 135 நிமிட இழுப்பு 135 நொடியாகும். இதில் வெட்டு இல்லாததால் ஏமாற்றமும் குறைவு. ஆனால் போனில் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில போன்கள் பதிவு நீள நீளத் தாமாகவே படங்களைக் குறைத்துக்கொண்டே போகும். அரை மணி எடுத்தாலும் இரண்டு மணி எடுத்தாலும் கடைசியில் அரை நிமிடம்போலத்தான் வரும். போன வாரம் போட்ட மடங்கை இந்த வாரமும் அப்படியே போட்டால் தப்பாகிவிடும். ஒவ்வொரு முறையும் தொடங்கிய மணி, முடிந்த மணி இரண்டையும் குறித்துக்கொண்டு, நிஜ நேரத்தைத் திரை நேரத்தால் வகுத்துத்தான் போட வேண்டும். மணி பார்க்க எளிய வழி, பதிவின் முதலிலும் கடைசியிலும் கைக்கடிகாரத்தை ஒரு நொடி கேமராவுக்குக் காட்டிவிடுவது. எடிட்டிங்கில் அதை வெட்டிக்கொள்ளலாம்.

8 மடங்கு, 60 மடங்கு எல்லாம் எவருக்கும் பார்த்ததும் தெரிந்துவிடும். ஆள்கள் எறும்புபோல ஓடுவார்கள். எங்களுக்குப் பெரிய கவலை ஒன்றேகால், ஒன்றரை மடங்கு வேகம்தான். ‘காட்சி மந்தமாக இருக்கிறது’ என்று லேசாகத் தட்டிவிடுகிற வேகம் அது. அதில் ஆள்கள் சுறுசுறுப்பாக இழுப்பதுபோல் தெரியும், மீன் அதிகமாகத் துள்ளும், கடல் கொந்தளிப்பாக இருக்கும். மேலே அலைச் சத்தத்தைச் சாதாரண வேகத்தில் போட்டுவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். காது நம்பிவிட்டால் கண்ணும் நம்பிவிடும். இழுக்கிறவர்களின் ஏலேலோ சத்தமும் சாதாரண வேகத்தில் ஓடினால், கூர்ந்து பார்க்கிறவருக்கு மட்டும் ஒன்று தெரியும்: குரல் ஏறும்போது கை இறங்கியிருக்கும். வேகம் கூட்டிய காட்சிக்கு அந்த இடத்துச் சத்தத்தைப் போடாதீர்கள். இசையைப் போடுங்கள், அல்லது உங்கள் குரலைப் போடுங்கள். சத்தம் வேறாக இருந்தால், குறிப்பைப் படிக்காதவருக்கும் இது நேரில் நடந்த வேகமல்ல என்பது புரியும்.

இந்த லேசான வேகத்தையும் அளந்து சொல்லிவிட முடியும். அதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், பார்க்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும். இடுப்பு உயரத்திலிருந்து கை நழுவி விழுகிற மீன் ஒரு மீட்டர் கீழே மணலைத் தொட 0.45 நொடி ஆகும். சாளையோ கிலோக் கணக்கில் கனக்கிற பாரையோ, அந்த உயரத்துக்குக் காற்றின் தடை பெரிதாக ஒன்றும் செய்யாது. நொடிக்கு 30 படம் ஓடும் வீடியோவில் அது 13 அல்லது 14 படம். யூடியூபைக் கணினியில் திறந்து, வீடியோவை நிறுத்திவிட்டு `.` விசையை அழுத்தினால் ஒரு படம் முன்னே போகும், `,` அழுத்தினால் ஒரு படம் பின்னே வரும். மீன் கையை விட்ட படத்திலிருந்து மணலைத் தொட்ட படம் வரை எண்ணுங்கள். 9 படம்தான் வந்தால் வேகம் ஒன்றரை மடங்கு. 7 வந்தால் இரண்டு மடங்கு. வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து `Stats for nerds` என்பதைத் திறந்தால் அது 30 படமா 60 படமா என்று தெரியும். 60 என்றால் எல்லா எண்ணையும் இரட்டித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. மீனை வீசியிருந்தால் கணக்கு நிற்காது, நழுவ விட்டிருக்க வேண்டும். உயரத்தைக் கண்மதிப்பாகத்தான் சொல்ல முடியும் என்பதால், 1.1 மடங்கு வேகத்தை இதில் பிடிக்க முடியாது. ஒன்றரை மடங்கைப் பிடித்துவிடலாம்.

அலையை மெதுவாக்கிக் காட்டுவதற்கும் இதே கணக்குத்தான், தலைகீழாக. ஒரு பொருள் விழ எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் கண் அதன் உயரத்தை மதிப்பிடுகிறது. நேரம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகத் தோன்றும். தென்கடலில் காற்று ஏறிய நாளில் கரையில் உடைகிற ஒரு மீட்டர் அலையைப் பாதி வேகத்தில் ஓட்டினால், பக்கத்தில் ஆளோ வள்ளமோ இல்லாதபோது, நாலு மீட்டர் அலையாகத் தெரியும். ‘தனுஷ்கோடியில் ராட்சத அலை’ என்று சுற்றுகிற துண்டுகளைப் பார்க்கும்போது நுரை கீழே விழுகிற வேகத்தைக் கவனியுங்கள். பஞ்சுபோல மிதந்து இறங்கினால் அது மெதுவாக்கியது. இதற்கும் ‘பாதி வேகம்’ என்று இரண்டு சொல் போட்டாக வேண்டும். புயல் எச்சரிக்கை நாளில், இங்கே உறவினர் இருக்கிற வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துத்தான் பயந்துபோகிறார்கள்.

அடுத்து, மறுபடி செய்யச் சொல்லி எடுப்பது. மடி கரையேறுகிற நேரத்தில் கேமரா ஒன்றுதான் இருந்தது. முன்பக்கம் இருந்து எடுத்தாயிற்று, தண்ணீர்ப் பக்கம் இருந்தும் வேண்டும். ‘அண்ணே, இன்னொரு தடவை உள்ளே தள்ளி இழுங்கண்ணே’ என்று கேட்கிறோம். அவர்களும் மறுக்காமல் இழுத்துத் தருகிறார்கள். பிறகு இரண்டையும் கலந்து ஒரே இழுப்பாக ஒட்டிவிடுகிறோம். மீன் அதே மீன், வலை அதே வலை, ஆகவே தப்பில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு முறை நடந்தது இரண்டு முறையாக நடந்து, அதில் ஒன்று நம் சொல்லுக்கு நடந்தது. அதை மறைத்தால் அது தெரியவும் செய்யும்.

எங்கே தெரியும் என்றால், முதலில் மீனில். தண்ணீரிலிருந்து முதல் முறை வரும் மடியில் காரலும் சாளையும் ஈரமாக மின்னும், செதில் ஒட்டியிருக்கும், அடியில் கிடப்பவைகூடத் துடிக்கும். சாளை சீக்கிரம் செத்துவிடுகிற மீன். கரையில் கிடந்து மறுபடி உள்ளே போன மடியில் மேலே கிடப்பது துடிக்காது, செதில் உதிர்ந்து வலைக் கண்ணில் ஒட்டியிருக்கும், காய்ந்த மணல் துடுப்பு மடிப்பில் ஏறியிருக்கும். அடுத்தது நிழலில். மார்ச் மாத நடுவில் இங்கே ஏறக்குறைய 6.20-க்குச் சூரியன் உதிக்கும். மணிக்கு 15 பாகை அளவில் ஏறும். ஒன்பதரை மணி வாக்கில் ஆளின் நிழல் ஏறக்குறைய அவர் உயரத்துக்கே இருக்கும். பத்தேமுக்காலுக்கு அதில் பாதிதான். ஒரு ஷாட்டில் நிழல் ஆள் நீளம், அடுத்த ஷாட்டில் அதில் பாதி, மறுபடியும் ஆள் நீளம் என்று மாறினால், மடி இரண்டு முறை இழுக்கப்பட்டது என்பதை நிழலே சொல்லிவிடும்.

இதற்குப் போட வேண்டிய குறிப்பு ‘படமெடுக்க மறுபடி இழுத்தது’. தொலைக்காட்சியில் பார்த்த பழக்கத்தில் பலர் ‘சித்திரிப்பு’ என்று போடுகிறார்கள். அந்தச் சொல் எங்களுக்குப் போதவில்லை. நடிகர் நடித்ததா, நிஜ மீனவர் மறுபடி செய்ததா, வேறு நாள் எடுத்ததா என்று எதுவும் அதில் தெரியாது. யார் என்ன செய்தார்கள் என்கிற வினைச்சொல்லாகப் போடுங்கள். ‘மறுபடி இழுத்தது.’ ‘நடித்துக் காட்டியது.’ ‘படத்துக்காக வலை போட்டது.’ ‘மீன் சந்தையில் வாங்கியது.’ நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

கடைசியாகச் சொன்ன அந்தச் சந்தை மீன் விஷயத்தில் எங்கள் கருத்து கடுமையானது. மடியில் வந்தது இரண்டு கூடைக் காரல். பெரிய பாரையும் திருக்கையும் வாங்கி வந்து மேலே வைத்து, மடி திறக்கும் காட்சியை எடுத்தால், குறிப்பு போட்டாலும் அந்தக் காட்சிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறது. கரைவலையில் வருவது பங்குப் பணம். முப்பது பேர் இழுத்தால் முப்பது பேருக்கும் வள்ளத்துக்கும் வலைக்கும் பிரிய வேண்டும். ‘ஒரு இழுப்புக்கு இவ்வளவு மீனா’ என்று ஊர் நம்பிவிட்டால், மீன்பாடு இல்லாத காலத்தில் அவர்கள் படும் கஷ்டத்தை யாரும் நம்ப மாட்டார்கள். பாசி மட்டும் வந்த இழுப்பையும் இரண்டு நொடி காட்டுங்கள். அது முடியாவிட்டால் ‘இது மூன்றாவது இழுப்பு, முதல் இரண்டில் மீன் இல்லை’ என்றாவது எழுதுங்கள். வெட்டி எறிந்த இழுப்பைச் சொல்வதும் குறிப்புதான்.

குறிப்பு போட்டாலும் தீராத ஒன்று இருக்கிறது. வலையில் பேராமை வந்துவிடுகிறது, ஆவுளியா வந்துவிடுகிறது, மீனவர்கள் விடுவிக்கிறார்கள். அந்த விடுவிப்பு கேமராவில் சரியாக விழவில்லை என்று மறுபடி பிடித்து விடச் சொல்லக் கூடாது. இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அந்தச் சட்டத்தில் பிடிப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள்தான் வருகிறது. வழக்கு வந்தால் நிற்கப்போவது வலைக்காரர், நாம் அல்ல. கரைக்கு இழுபட்ட ஆமைக்கு அந்த இரண்டாவது இழுபாட்டைத் தாங்கும் தெம்பும் இருக்காது. கிடைத்த அளவு காட்சியோடு விட்டுவிடுங்கள். கடல் அட்டையும் கடல் குதிரையும் இதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவைதான்.

பழைய காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பிப்ரவரியில் பாம்பனில் எடுத்த விசைப்படகுக் காட்சியை மே மாதத்தில் தேதி இல்லாமல் போட்டால், அந்தப் படகு தடையை மீறியதாகத்தான் பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார். படகின் பதிவு எண்ணும் திரையில் தெரியும். ‘பிப்ரவரியில் எடுத்தது’ என்று எழுத உங்களுக்கு அரை நிமிடம். அந்தப் படகுக்காரருக்கு அது விசாரணையா நிம்மதியா என்ற வித்தியாசம்.

இனி, குறிப்பை எங்கே எப்படிப் போடுவது. விவரப் பகுதியில் எழுதினால் போதும் என்று நினைப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிற தவறு. உங்கள் வீடியோவை உங்கள் சேனலில் பார்ப்பதுபோலவே, வாட்ஸ்அப்பில் வந்த துண்டாகப் பார்ப்பவரும் நிறையப் பேர். விவரப் பகுதி அந்தத் துண்டோடு போகாது, தலைப்பும் போகாது. திரையில் படத்தோடு படமாகப் பதிந்த எழுத்து மட்டுமே கூடப் போகும். தொடக்கத்தில் மூன்று நொடி அறிவிப்பு போட்டாலும் இதே கதிதான். வெட்டுகிறவர் முதலில் வெட்டுவது அதைத்தான். அந்தக் காட்சி தொடங்கும் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை குறிப்பு நிற்க வேண்டும். சாதாரண வேகக் காட்சி தொடங்கும் வெட்டில் சரியாக மறைய வேண்டும். பிந்தி மறைந்தாலும் குழப்பம்தான், உண்மையான காட்சியும் மாற்றியதாகத் தெரியும்.

இடத்தைப் பொறுத்தவரை மூலை வேண்டாம். படுக்கை வாக்கில் எடுத்த வீடியோவை ஷார்ட்ஸுக்காக நிமிர்த்தி வெட்டும்போது 1920 பிக்சல் அகலத்தில் நடுவிலுள்ள 600 சொச்சம்தான் மிஞ்சும், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மூலையில் போட்ட குறிப்பு அத்தோடு போயிற்று. கீழேயும் வேண்டாம், அங்கே சேனல் பெயரும் தலைப்பும் ஏறி மறைத்துவிடும். வலது ஓரத்தில் பொத்தான்கள். மேலே, நடுவில், மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குள் அடங்குகிற மாதிரிச் சின்ன வரிகளாகப் போடுங்கள். தமிழ்ச் சொல் நீளம் என்பதால்தான் ‘வேகம் 8 மடங்கு’ என்று குறுக்கச் சொல்கிறோம். தனுஷ்கோடியில் வானமும் வெள்ளை, மணலும் வெள்ளை. வெறும் வெள்ளை எழுத்து கரைந்துவிடும். பின்னால் ஒரு கறுப்புப் பட்டை கட்டாயம்.

சில எடிட்டிங் செயலிகளில் தமிழ் எழுத்து உடைகிறது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தள்ளிப் போகும். அதனால்தான் பலர் ‘8x’ என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு ஒரு தடவை மெனக்கெட்டால் போதும். எழுத்து சரியாக வருகிற வேறு செயலியில் குறிப்பைத் தட்டி, பின்னணி இல்லாத `PNG` படமாகச் சேமித்து, வீடியோவின் மேல் அடுக்காக வையுங்கள். ‘மறுபடி இழுத்தது’, ‘நடித்துக் காட்டியது’, ‘நடுவில் வெட்டியது’ எல்லாம் மாறாதவை, ஒரு முறை செய்து வைத்தால் வருடம் முழுக்க ஓடும். மடங்கும் மணியும் மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றினால் போதும்.

ஏற்கெனவே ஏற்றிவிட்ட வீடியோக்களை என்ன செய்வது என்ற கேள்வி வரும். யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே முகவரியில் வைத்துக்கொண்டு அதன்மேல் புதிதாக எழுத்துப் பதிக்க வழியில்லை. வெட்டவும் மங்கலாக்கவும் முடியும். ஆகவே வேகம் கூட்டிய காட்சிகளுக்குத் தலைப்பிலும், முதலில் நிறுத்திய கருத்திலும் ‘இழுப்புக் காட்சி வேகம் கூட்டியது, நிஜ நேரம் 2¼ மணி’ என்று எழுதி விடுங்கள். சந்தை மீன் வைத்து மடி திறந்த காட்சி இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். அந்தப் பகுதிக்காகவே வீடியோ ஓடியது என்றால், குறிப்போடு புதிதாக ஏற்றிவிட்டுப் பழையதை எடுத்துவிடுங்கள். பார்வை எண்ணிக்கை போகும், அது எங்களுக்கும் தெரியும். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்குவதற்குள் இந்த ஒரு சுத்தத்தை முடித்துவிட்டால், அடுத்த பருவத்து வீடியோக்களை முதல் நாளிலிருந்தே குறிப்போடு தொடங்கலாம்.

இப்படிக்கு,
இதே கரையில் கேமராவும் எடிட்டிங்கும் செய்யும் உங்கள் தோழர்கள்